தலையில் வர வேண்டிய வரி

பெரிய விபத்து நடந்தால் எங்கள் செய்திப் பிரிவில் 'லைவ்' ஒன்று திறந்துவிடுவோம். சில நிமிடத்துக்கு ஒரு பதிவு, பக்கத்தில் நேரம், புதியது மேலே, பழையது கீழே. விபத்து நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் படிப்பவருக்கு அது சரியான ஏற்பாடுதான். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆவடி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு போனைத் திறப்பவருக்கு அது உதவாது. அவர் கண்ணில் முதலில் படுவது கடைசியாக வந்த பதிவு. அது ஒரு தலைவரின் இரங்கல் செய்தியாக இருக்கலாம், ரத்தான ரயில்களின் மூன்றாவது பட்டியலாக இருக்கலாம். என்ன நடந்தது, எத்தனை பேருக்கு என்ன ஆயிற்று என்பதெல்லாம் நாற்பது பதிவுக்குக் கீழே, அதுவும் மூன்று விதமாகக் கிடக்கும்.

அந்த லைவை மூடி, உறுதியானவற்றைத் தலையில் வைத்து ஒரு சுருக்கம் எழுதுவது என் வேலை. அம்பத்தூர் வீட்டிலிருந்தபடியே பல வருடமாகச் செய்கிறேன். பெரும்பாலும் இரவு வேலை. இதில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்ல 2024 அக்டோபர் 11 இரவு போதும்.

அன்று வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. டெஸ்க்கில் பாதிப் பேர் விடுப்பு. முந்தைய வருடம் விஜயதசமி காலையிலும் இப்படித்தான் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அண்ணனூர் பணிமனையிலிருந்து வந்த மின்சார ரயில் ஆவடியில் தடம் புரண்டது. பூஜை விடுமுறைக்கும் எங்கள் பிரிவுக்கும் ஏதோ பழைய பகை. அந்த ஆவடிச் செய்தியில் முதலில் வந்திருக்க வேண்டிய சொல் 'காலி'. பயணிகள் யாரும் இல்லாத ரயில் அது. 'ஆவடியில் மின்சார ரயில் தடம் புரண்டது' என்று தலைப்பு ஓடிக்கொண்டிருந்தபோது, வேலைக்குக் கிளம்பியவர்களின் வீடுகளில் என்ன பதற்றம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு சொல் நான்காவது பதிவில் இருந்தால் போதாது.

கவரைப்பேட்டைக்கு வருகிறேன். மைசூரிலிருந்து தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ், எண் 12578. அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர் என எங்கள் பாதையில் வந்து, பெரம்பூரில் நின்று, பிறகு கூடூர் பாதைக்குத் திரும்பும் வண்டி. இரவு எட்டரை மணிவாக்கில், பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் இருக்கும் கவரைப்பேட்டை நிலையத்தில், நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலின் பின்னால் மோதியது. அதுவும் திருவள்ளூர் மாவட்டம்தான்.

பொன்னேரிப் பக்கத்துப் பகுதிநேரச் செய்தியாளர் போன் செய்தார். பின்னால் ஒரே கூச்சல்.

"அண்ணே, ரெண்டு பெட்டி எரியுதுண்ணே. மேல மேல ஏறிக் கெடக்கு."

"எரியறத நீ பாத்தியா, யாராவது சொன்னாங்களா?"

"நெருப்பு தெரியுதுண்ணே. எந்தப் பெட்டின்னு தெரியல. இருட்டு."

லைவில் அந்த நேரத்தில் 'இரண்டு பெட்டிகளில் தீ' என்றுதான் போனது. எல்லோருமே அப்படித்தான் போட்டார்கள். அவர் பார்த்தது நெருப்பு. 'ரெண்டு பெட்டி' என்பது பக்கத்தில் நின்றவர்கள் சொன்னது. இந்த வித்தியாசத்தை நான் தனித்தாளில் குறித்துக்கொண்டேன். சுருக்கம் எழுதும் வேலை உண்மையில் அங்கேயே தொடங்கிவிடுகிறது. லைவ் முடிந்த பிறகு உட்கார்ந்து மேலிருந்து கீழே படித்துச் சுருக்கலாம் என்று நினைப்பவர்கள், நாற்பது பதிவையும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, விபத்தை நடந்த வரிசையிலேயே சொல்லி முடிப்பார்கள். அதில் பழைய தவறும் புதிய திருத்தமும் ஒரே மரியாதையோடு உட்கார்ந்திருக்கும்.

நான் தாளை நேரப்படி பிரிப்பதில்லை, கேள்விப்படி பிரிப்பேன். உயிரிழப்பு, காயம், தடம் புரண்ட பெட்டிகள், தீ, ரயிலில் இருந்தவர்கள், அவர்களை எங்கே கொண்டுபோனார்கள், எந்த ரயில்கள் ஓடவில்லை, ஏன் நடந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரிசை. வரிசையில் மூன்று விஷயம் எழுதுவேன்: என்ன சொன்னார்கள், யார் சொன்னது, எப்போது சொன்னது. புதிய தகவல் வரும்போது பழையதை அழிப்பதில்லை, ஒரு கோடு மட்டும் அடிப்பேன். பின்னால் 'முதலில் இப்படிச் சொல்லப்பட்டது' என்று எழுத வேண்டி வந்தால் அது தேவைப்படும்.

'எப்போது' என்பதில்தான் பலரும் சறுக்குவார்கள். லைவில் பதிவுக்குப் பக்கத்தில் இருப்பது நாங்கள் பதிவேற்றிய நேரம். அதிகாரி பேசிய நேரம் வேறு. ஒன்பதே முக்காலுக்கு ஓர் அதிகாரி களத்தில் சொன்னதை, வீடியோ கைக்கு வந்த பிறகு பதினொன்றரைக்கு ஒருவர் பதிவேற்றுவார். இடையில் பத்தரைக்கு வேறோர் அதிகாரி புதிய எண் சொல்லியிருப்பார். லைவைப் பார்த்தால் பழைய எண் மேலே, புதிய எண் கீழே. மேலே இருப்பதே கடைசி என்று எடுத்துக்கொண்டால் சுருக்கம் பின்னோக்கிப் போய்விடும். அதனால் வீடியோவாக இருந்தால் பேசியவரைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்ப்பேன். பின்னால் ஆம்புலன்ஸ் நிற்கிறதா, கிரேன் வந்துவிட்டதா என்பதை வைத்தே பேச்சின் நேரம் ஏறத்தாழப் பிடிபடும். அறிக்கையாக இருந்தால் அதில் போட்டிருக்கும் நேரத்தை எடுப்பேன்.

இன்னொரு சிக்கல் நள்ளிரவு. பதினொன்றரைக்கு எழுதிய பதிவில் 'இன்று இரவு', 'நாளை காலை' என்று இருக்கும். பன்னிரண்டு தாண்டியதும் அதே சொற்கள் பொய்யாகிவிடுகின்றன. சுருக்கத்தில் கிழமை போட்டுவிடுவேன்: வெள்ளிக்கிழமை இரவு, சனிக்கிழமை காலை. காலையில் படிப்பவர் எந்த 'நாளை' என்று விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை.

அடுத்தது யார் சொன்னது என்பது. ஒருவர் பெரிய பதவியில் இருப்பதால் அவர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லத் தகுந்தவர் ஆகிவிட மாட்டார். ரயில் எந்தத் தடத்தில் போயிற்று, சிக்னல் என்ன, எத்தனை பெட்டி புரண்டது என்பதை ரயில்வே சொல்ல வேண்டும். காயம்பட்டவர்களின் எண்ணிக்கையை மாவட்ட நிர்வாகமும் மருத்துவமனையும் சொல்ல வேண்டும். கவரைப்பேட்டையில் காயம்பட்டவர்கள் ஒரே இடத்துக்குப் போகவில்லை. பக்கத்து மருத்துவமனைக்குச் சிலர், சென்னை ஸ்டான்லிக்குச் சிலர். இப்படிப் பிரியும்போது ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலிருந்தும் ஒரு செய்தியாளர் ஓர் எண் அனுப்புவார். ஓரிடத்தில் முதலுதவி செய்து இன்னோரிடத்துக்கு அனுப்பப்பட்டவர் இரண்டு எண்ணிலும் இருப்பார். கூட்டிப் போட்டால் காயம்பட்டவர்கள் பெருகிவிடுவார்கள். கூட்டுவது என் வேலை இல்லை. எல்லா இடத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவர் சொல்லும் வரை காத்திருப்பேன். அன்று அப்படிச் சொன்னவர் திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர்: 19 பேர் காயம், அதில் நான்கு பேருக்குப் பலத்த காயம். அந்த வரிசை அதோடு மூடப்பட்டது.

இறந்தவர்களின் எண்ணிக்கையில் இந்தக் கூட்டல் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு பாலசோர் சாட்சி. 2023 ஜூன் 2 அன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸும் ஒரு லூப் லைனில் நின்ற சரக்கு ரயிலில்தான் மோதியது. இறந்தவர்கள் 288 என்று வந்தது. விபத்து நடந்து இரண்டு நாள் கழித்து ஒடிசா தலைமைச் செயலாளர் 275 என்றார். சில உடல்கள் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டன என்று காரணமும் சொன்னார். அதற்கும் இரண்டு நாள் கழித்து, மாவட்டம் சரிபார்த்த பிறகு, எண் மறுபடி 288 ஆயிற்று. பிறகு சிகிச்சையில் இருந்தவர்களிலும் சிலர் இறந்தார்கள். திருத்தம் என்றால் மேலே போவது மட்டும்தான் என்று பழகிய கை அந்த 275-ஐ எழுதத் தயங்கும். திருத்தியதே இறுதி என்று பழகிய கை மறுபடி வந்த 288-ஐப் பழைய எண் என்று நினைத்து ஒதுக்கிவிடும். இரண்டும் அன்று பல இடங்களில் நடந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் முதல் 288-க்கும் கடைசி 288-க்கும் வித்தியாசம் இல்லை. யார் சொன்னார், எப்போது சொன்னார் என்ற மற்ற இரண்டு கட்டங்களும் நிரம்பியிருந்தால்தான் அவை வேறு வேறு என்று தெரியும்.

கவரைப்பேட்டையில் நல்லவேளையாக அந்தக் கணக்கு தேவைப்படவில்லை. ஆனால் 'யாரும் இறக்கவில்லை' என்று எழுதுவது எண்ணை எழுதுவதைவிடக் கடினம். பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் படம் வந்துகொண்டிருக்கிறது, தீ எரிகிறது, சுமார் 1,360 பேர் இருந்த ரயில். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எந்த வாசகரும் அந்த வரியை நம்ப மாட்டார். டெஸ்க் தலைவரும் நம்பவில்லை. "தம்பி, இதுவரைன்னு ஒரு வார்த்தை போட்டுடு, எதுக்கும்" என்றார்.

லைவ் ஓடும்போது 'இதுவரை' சரிதான். சுருக்கத்தில் அது வேறு வேலை செய்யும். இன்னும் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று சொல்லாமல் சொல்லிவிடும். அதை எடுப்பதா வைப்பதா என்று முடிவு செய்ய ஒரே கேள்வி: பெட்டிகளுக்குள் தேடுதல் முடிந்ததா? முடிந்தது, எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள் என்று உறுதியாகும் வரை 'இதுவரை' இருந்தது. உறுதியானதும் எடுத்துவிட்டேன். மருத்துவமனையில் பலத்த காயத்தோடு நான்கு பேர் இருப்பது அடுத்த வாக்கியத்திலேயே வருகிறது. பிறகு ஏதாவது நேர்ந்தால் அந்த வரியைத் திருத்தலாம். நடக்காத ஒன்றுக்கு முன்கூட்டியே நிழல் போட வேண்டியதில்லை.

தடம் புரண்ட பெட்டிகளின் வரிசையில் வேறு மாதிரி சங்கடம். ஆரம்பத்தில் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். பிறகு ரயில்வேயின் அறிக்கையே '12-13 பெட்டிகள்' என்று வந்தது. உதவி ஆசிரியர்களுக்கு இப்படி வந்தால் கை துறுதுறுக்கும். 13 என்று பெரியதை எடுப்பார் ஒருவர், 12 என்று 'குறைந்தபட்சம்' சேர்ப்பார் இன்னொருவர். எண்ண வேண்டியவரே இருட்டில் முழுதாக எண்ணி முடிக்கவில்லை என்பதுதான் அந்த இடைவெளிக்கு அர்த்தம். அதை அப்படியே எழுதுவேன்: 12 முதல் 13 பெட்டிகள், ரயில்வே தகவல்.

தீ விஷயத்தில் திருத்தத்தை வாசகருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 'இரண்டு பெட்டிகளில் தீ' என்பது எரிந்த பார்சல் வேன்தான் என்று பின்னால் தெளிவாயிற்று. எல்லாத் திருத்தத்தையும் சுருக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. தவறான தகவல் எங்கள் லைவில் கால்மணி நேரம் இருந்து, யாரும் கவனிக்காமல் போயிருந்தால், சரியானதை மட்டும் எழுதினால் போதும். ஆனால் 'ரெண்டு பெட்டி எரிந்து போச்சு' என்பது அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் சுற்றிவிட்டது. பெட்டி என்றால் ஆட்கள் உட்கார்ந்த பெட்டி என்றுதான் கேட்பவர் நினைப்பார். சரியானதை மட்டும் எழுதினால், படிப்பவர் 'இது வேறு தீ போல' என்று எண்ணி, இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொள்வார். அதனால் நேராகவே எழுதினேன்: பயணிகள் பெட்டிகள் எரிந்ததாக முதலில் வந்த தகவல் சரியல்ல, தீப்பிடித்தது பார்சல் வேன். பழைய பதிவையும் லைவிலிருந்து நீக்காமல், அதன் தலையிலேயே திருத்தக் குறிப்பு போடச் சொன்னேன். நீக்கினால், அந்தப் படத்தைச் சேமித்து வைத்திருப்பவர் 'மறைத்துவிட்டார்கள்' என்பார். அதற்குப் பதில் சொல்ல இன்னொரு இரவு வேண்டும்.

இனி 'ஏன்' என்ற வரிசை. அன்று இரவு லைவில் மிக அதிகப் பதிவுகள் இதற்குத்தான். சிக்னல் தவறு என்றார்கள். ஓட்டுநர் சிக்னலைத் தாண்டிவிட்டார் என்றார்கள். பாலசோர் மாதிரியே என்றார்கள். தொலைக்காட்சி விவாதத்தில் ஓய்வுபெற்றவர்கள் வரைபடம் போட்டு விளக்கினார்கள்.

ரயில்வே அறிக்கையில் இருந்தது இவ்வளவுதான்: ரயில் 8.27-க்குப் பொன்னேரியைத் தாண்டியது. கவரைப்பேட்டைக்குப் பச்சை சிக்னல் தரப்பட்டது, மெயின் லைனில் நேராகப் போவதற்கு. நிலையத்துக்குள் நுழையும்போது ஓட்டுநர்கள் பலத்த அதிர்வை உணர்ந்தார்கள். மெயின் லைனில் போக வேண்டிய ரயில் மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது.

இதை மெதுவாகப் படித்தால், இதில் காரணம் இல்லை என்று தெரியும். என்ன நடந்தது என்று இருக்கிறது, ஏன் நடந்தது என்று இல்லை. பாதை பிரியும் இடத்தில் பாயிண்ட் இருக்கும். அதில் கூர்மையான நுனியுடைய நாக்குத் தண்டவாளம் ஒரு பக்கம் ஒட்டினால் சக்கரம் நேராகப் போகும், மறுபக்கம் ஒட்டினால் திரும்பும். சிக்னலும் பாயிண்டும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. நேர்ப்பாதைக்குப் பச்சை விழுந்திருக்கிறது என்றால் பாயிண்டும் நேராகத்தான் பூட்டப்பட்டிருக்க வேண்டும். பச்சை சரி, ரயில் மட்டும் திரும்பிவிட்டது என்றால், பூட்டு ஏமாற்றப்பட்டதா, பாயிண்டில் ஏதாவது உடைந்ததா, யாராவது கை வைத்தார்களா என்று பல வழி இருக்கிறது. அன்று இரவு அதில் எதையும் யாரும் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது. நசுங்கிய பெட்டிகள் அதன் மேலேயே கிடந்தன.

ஆகவே அந்த வரிசையில் பதிவுகள் எத்தனை இருந்தாலும், சொல்லத் தகுந்தவர் பேசவில்லை என்பதால் அது காலி. இந்த விஷயத்தில் சொல்லத் தகுந்தவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். அந்தப் பதவி ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ரயில்வே தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. விசாரணை அவரிடம் போகிறது என்பதே அன்றைய உறுதியான செய்தி. சுருக்கத்தில் காரணத்துக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் கொடுத்தேன். நிபுணர்களின் வரைபடங்கள் ஒன்றும் வரவில்லை. 'பரபரப்பே அதுலதானே இருக்கு' என்று ஒருவர் வருத்தப்பட்டார். ஓட்டுநர் மேல் பழி போடும் வாக்கியம் எதுவும் தலைப்பகுதியில் இல்லாமல் பார்த்துக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை. பச்சைக்குத்தான் அவர்கள் ஓட்டினார்கள் என்று ரயில்வேயே சொல்லியிருக்கிறது.

சனிக்கிழமை அதிகாலை தளத்தில் ஏறிய தலைப்பகுதி இது:

'மைசூரு-தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் (12578) வெள்ளிக்கிழமை இரவு 8.30 மணியளவில் திருவள்ளூர் மாவட்டம் கவரைப்பேட்டையில், நின்றிருந்த சரக்கு ரயிலின் பின்புறம் மோதியது. யாரும் உயிரிழக்கவில்லை. 19 பேர் காயமடைந்தனர்; அவர்களில் நால்வருக்குப் பலத்த காயம் என்று மாவட்ட ஆட்சியர் தெரிவித்தார். ரயிலில் இருந்த சுமார் 1,360 பேரும் வெளியேற்றப்பட்டுவிட்டனர். 12 முதல் 13 பெட்டிகள் தடம் புரண்டதாக ரயில்வே கூறுகிறது. பயணிகள் பெட்டிகள் எரிந்ததாக முதலில் வந்த தகவல் சரியல்ல. தீப்பிடித்தது பார்சல் வேன், அது அணைக்கப்பட்டது. மெயின் லைனுக்குப் பச்சை சிக்னல் இருந்தும் ரயில் லூப் லைனுக்குள் சென்றது. காரணத்தை ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிக்கிறார்.'

இடம், நேரத்துக்கு அடுத்தபடியே உயிர் வருகிறது. அதை முதல் வாக்கியத்திலேயே திணித்துவிடலாம் என்பார்கள். தமிழில் அப்படித் திணித்தால் வினைச்சொல் கடைசியில் போய் நிற்கும். 'மோதியதில் 19 பேர் காயமடைந்த நிலையில் உயிரிழப்பு ஏதும் ஏற்படவில்லை' என்று ஒரு வரி நீளும். போனில் மூன்றாக மடிந்து விழும் வரியில் கண் நடுவிலேயே நின்றுவிடும். சின்ன வாக்கியம் இரண்டாக இருப்பது நல்லது.

இதற்குக் கீழே ரயில்கள். இங்கே வாசகர் யார் என்பது மாறுகிறது. கூடூர் பாதை அடைபட்டதால், வடக்கே போகும் வண்டிகள் அரக்கோணம், ரேணிகுண்டா வழியாகத் திருப்பிவிடப்பட்டன. ஆவடியிலும் அம்பத்தூரிலும் இருப்பவருக்கு இது பக்கத்து வீட்டுச் சமாச்சாரம். அந்த வண்டிகள் எங்கள் பாதையில்தான் வரும். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலை நம்பி இருப்பவருக்கோ இதுதான் முழுச் செய்தி. ரத்துப் பட்டியல் இரவில் பல முறை வந்தது. இந்தப் பட்டியல்களில் ஒரு பொறி உண்டு. சில, முந்தைய பட்டியலுக்கு மாற்றாக வரும். சில, அதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. ஒன்றாம் பட்டியலில் இருந்த ஒரு ரயில் மூன்றாம் பட்டியலில் இல்லையென்றால், அது ஓடப் போகிறது என்றும் எடுக்கலாம், ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை என்றும் எடுக்கலாம். ஊகிக்க இடமில்லாத இடம் இது. ரயில்வே மக்கள் தொடர்புப் பிரிவில் ஒரு போன் அடித்து, 'சேர்த்தா, மாத்தியா' என்று கேட்டுவிட வேண்டும். பதில் வராத ரயில் எண்களை 'உறுதி செய்துகொள்ளவும்' என்று தனியாகப் பிரித்து வைத்தேன். சிக்கிய பயணிகளை சென்னை சென்ட்ரலுக்குக் கொண்டுவந்து, அதிகாலையில் தனி ரயிலில் தர்பங்காவுக்கு அனுப்பினார்கள் என்பதும் இந்தப் பகுதியில்தான் வந்தது.

இந்த 'சேர்த்தா, மாத்தியா' கேள்வி மழைக்காலத்தில் இன்னும் கூர்மையாகும். செம்பரம்பாக்கம் ஏரியில் திறக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு நாளில் பல அறிவிப்பு வரும். '2,000 கனஅடி கூடுதலாக' என்று ஒருவர் எழுதுவார், '2,000 கனஅடியாக அதிகரிப்பு' என்று அடுத்தவர் எழுதுவார். அடையாறு ஓரத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. 2015 டிசம்பரில் 29,000 கனஅடி வரை பார்த்த ஊர் இது. பூந்தமல்லி பக்கத்து வாசகர்கள் இந்த எண்ணை நாங்கள் படிப்பதைவிட உன்னிப்பாகப் படிப்பார்கள். பள்ளி விடுமுறையிலும் அப்படித்தான். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம்; அம்பத்தூர் 2018-லிருந்து சென்னை மாவட்டம். விடுமுறையை அறிவிப்பது அந்தந்த ஆட்சியர். 'சென்னை, புறநகரில் விடுமுறை' என்று சுருக்கினால், திருமுல்லைவாயலில் ஒரு வீட்டில் பிள்ளையை எழுப்புவதா வேண்டாமா என்று காலையில் சண்டை நடக்கும். மாவட்டப் பெயரை விட்டுவிட்டு அதைச் சுருக்கவே முடியாது.

சுருக்கத்தில் இடம் பெறாதவையும் நிறைய. அமைச்சர்கள் வந்தது, துணை முதலமைச்சர் மருத்துவமனைக்குப் போனது, ஆறுதல் செய்திகள், கண்டனங்கள் எல்லாம் லைவில் அவரவர் நேரத்தோடு இருக்கின்றன. தேவைப்படுபவர் அங்கே போய்ப் படிக்கலாம்.

காரணத்துக்கான வரிசை ஒன்பது மாதம் காலியாக இருந்தது. இடையில் பாயிண்டில் போல்ட், நட்டு காணவில்லை என்று செய்திகள் வந்தன, தேசிய புலனாய்வு முகமையினரும் இடத்தைப் பார்த்தார்கள். அந்தந்த நாளின் செய்தியாக அவை தனியே போயின, தலைப்பகுதியைத் தொடவில்லை. 2025 ஜூலையில் ஆணையரின் விசாரணை முடிவு செய்தியாக வந்தது: நாக்குத் தண்டவாளத்தைப் பிடித்து வைக்கும் பாகங்கள் தானாகத் தேய்ந்து விழவில்லை, அடையாளம் தெரியாதவர்கள் வலிந்து கழற்றியிருக்கிறார்கள், இது நாசவேலை. அன்றைக்குப் பழைய பக்கத்தைத் திறந்து, கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டு, இந்த முடிவை இரண்டாவது வாக்கியமாக உயிரிழப்புக்கும் முன்னால் வைத்தேன். 2024-இல் அந்தப் பக்கத்தைத் தேடி வந்தவர் தன் ஆட்கள் பிழைத்தார்களா என்று தெரிந்துகொள்ள வந்தார். 2025-இல் வருபவர் அது எப்படி நடந்தது என்று கேட்டு வருகிறார். பக்கத்தின் மேலே 'திருத்தப்பட்டது' என்று தேதியோடு, எந்த வாக்கியம் மாறியது என்றும் எழுதிவைத்தேன். 'யார்' என்று புதிதாக ஒரு வரிசையையும் சேர்த்திருக்கிறேன். அதைச் சொல்லத் தகுந்தவர் கட்டத்தில் புலனாய்வாளர்களைக் குறித்திருக்கிறேன், ஆணையரை அல்ல.